ரிட்டையர் ஆனதும் எடை ஏறுவது ஏன், சாப்பாட்டில் எதைக் குறைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் உணவு ஆலோசகர். எங்கள் ஊரில் பஸ் டிப்போவும் மின்வாரிய அலுவலகமும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால், ரிட்டையர் ஆன கண்டக்டர்கள், லைன்மேன்கள், தபால்காரர்கள் என்னிடம் நிறைய வருகிறார்கள். எல்லோருமே முப்பது முப்பத்தைந்து வருடம் நின்றும் நடந்தும் மிதித்தும் வேலை பார்த்தவர்கள். வேலையை விட்ட ஒன்றிரண்டு வருடத்தில் ஐந்து கிலோ, எட்டு கிலோ என்று ஏறியிருக்கும். அவர்களும் அவர்கள் வீட்டாரும் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை, அவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறேன். எளிய சந்தேகங்கள் முன்னால் இருக்கின்றன, சிக்கலானவை பின்னால் வருகின்றன.

"வேலையில இருந்தப்ப என்ன சாப்பிட்டேனோ அதையேதான் இப்பவும் சாப்பிடறேன். ஒரு கவளம்கூடக் கூடலை. அப்புறம் எப்படி எடை ஏறுது?"

அந்தச் சாப்பாடு அந்த வேலைக்கு அளவாக இருந்தது. கம்பம் ஏறி, ஏணி தூக்கி, வெயிலில் லைன் பார்த்து நடந்த உடம்புக்கு அது சரியாகச் செலவாகிவிட்டது. இப்போது அதே தட்டு வருகிறது, செலவு மட்டும் இல்லை. மிச்சத்தை உடம்பு கொழுப்பாகச் சேர்த்து வைக்கிறது.

எவ்வளவு மிச்சம் என்று தெரிந்துகொள்ள ஒரு கணக்கு இருக்கிறது. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-ல் வெளியிட்ட அளவுகளின்படி, 65 கிலோ எடையுள்ள ஆண் நடுத்தர உழைப்பில் இருந்தால் ஒரு நாளைக்கு 2710 கலோரி தேவை. அவரே உட்கார்ந்த வாழ்க்கைக்கு வந்துவிட்டால் 2110 போதும். 55 கிலோ பெண்ணுக்கு இந்த அளவு 2130-லிருந்து 1660-ஆக இறங்குகிறது. ஆணுக்கு வித்தியாசம் 600 கலோரி. வடித்த சாதத்தில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 130 கலோரி என்று வைத்தால், கிட்டத்தட்ட 450 கிராம் சாதம் அது. ஒரு வேளைச் சாப்பாட்டில் பலர் போட்டுக்கொள்ளும் மொத்தச் சாதமே அவ்வளவுதான்.

"உழைப்பு குறைஞ்சா பசியும் தானா குறையணுமே? எனக்குப் பசி அப்படியேதான் இருக்கு."

குறையும் என்றுதான் நாமெல்லாம் நினைக்கிறோம். ஆனால் ஒரு கட்டத்துக்குக் கீழே அது குறைவதில்லை. இதை முதலில் தெளிவாகக் காட்டியது நம் நாட்டில் செய்த ஆய்வுதான். ழான் மேயர் என்ற ஊட்டச்சத்து அறிஞரும் அவருடன் இருந்தவர்களும் மேற்கு வங்கத்தின் ஒரு சணல் ஆலையில் வேலை செய்தவர்களின் சாப்பாட்டையும் எடையையும் அளந்து 1956-ல் வெளியிட்டார்கள். இலகுவான வேலையிலிருந்து கடினமான வேலை வரைக்கும், உழைப்பு கூடக்கூட சாப்பாடும் கூடியிருந்தது, எடை ஒரே மாதிரி இருந்தது. ஆனால் நாள் முழுக்க உட்கார்ந்தே இருந்த கடைக்காரர்களும் மேற்பார்வையாளர்களும் கடும் உழைப்பாளிகள் அளவுக்குக் கிட்டத்தட்டச் சாப்பிட்டார்கள். அவர்கள்தான் எடை கூடியவர்களாகவும் இருந்தார்கள்.

அதாவது ஓரளவுக்கு நடமாட்டம் இருக்கும்வரை பசி நமக்குச் சரியான அளவைச் சொல்கிறது. நடமாட்டம் மிகவும் இறங்கிப் போனால் அந்த அளவுகோல் தடுமாறுகிறது. இதோடு பழக்கமும் சேர்ந்துகொள்கிறது. முப்பது வருடம் காலை பதினோரு மணிக்கு டீயும் வடையும் சாப்பிட்டவருக்கு, வீட்டில் சும்மா இருந்தாலும் பதினோரு மணிக்கு வயிறு கேட்கும். அது பொய்ப் பசி என்று நான் சொல்ல மாட்டேன், அவருக்கு உண்மையாகவே பசிக்கிறது. ஆனால் அந்தப் பசியை மட்டும் நம்பி அளவை முடிவு செய்ய முடியாது. கொஞ்ச காலத்துக்குக் கரண்டியையும் தராசையும் நம்பித்தான் ஆக வேண்டும்.

"வயசாயிடுச்சு, உடம்புல எரிக்கிற சக்தி குறைஞ்சுபோச்சு. அதனாலதானே இது?"

கொஞ்சம் உண்டு, ஆனால் நீங்கள் நினைக்கிற அளவுக்கு இல்லை. பல நாடுகளில் 6,400-க்கும் மேற்பட்டவர்களின் ஆற்றல் செலவை அளந்து 2021-ல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், உடல் அளவை ஈடுகட்டிப் பார்க்கும்போது, 20 வயதிலிருந்து 60 வரைக்கும் அந்தச் செலவு பெரிதாக மாறவில்லை. 60-க்கு மேல்தான் வருடத்துக்கு ஏறக்குறைய 0.7 சதவீதம் வீதம் இறங்குகிறது. வருடத்துக்கு அது 15 கலோரி சொச்சம்தான். வேலையை விட்ட அன்றைக்கே குறைந்தது 600 கலோரி. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

நம் ஊரில் ஓய்வு பெறும் வயதும் 60 என்பதால் இரண்டும் ஒன்றாக வந்து சேர்கின்றன, பழி வயதின் மேல் விழுந்துவிடுகிறது. வயதை நாம் ஒன்றும் செய்ய முடியாது, சாப்பாட்டையும் நடமாட்டத்தையும் மாற்றலாம் என்பதால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

"பொதுவா குறை குறைன்னு சொல்லாதீங்க. எதுல எவ்வளவு குறைக்கணும்னு கணக்கா சொல்லுங்க."

என்னிடம் வந்த ஒரு தபால்காரரின் கணக்கையே சொல்கிறேன். சைக்கிளில் தினமும் இருபது கிலோமீட்டருக்கு மேல் மிதித்தவர். ஓய்வு பெற்ற அன்று 66 கிலோ, பதினான்கு மாதம் கழித்து 73. ஏழு கிலோ கூடியிருந்தது. ஒரு கிலோ உடல் கொழுப்புக்கு ஏறக்குறைய 7700 கலோரி. ஏழு கிலோவுக்கு 53,900. அதைப் பதினான்கு மாதத்தின் 425 நாளால் வகுத்தால் நாளுக்கு 127 கலோரிதான் வருகிறது. ஒரு மெதுவடை அளவு! அவரே நம்பவில்லை. உண்மையில் வேலையை விட்டதும் அவர் தன்னை அறியாமலேயே கொஞ்சம் குறைத்துத்தான் சாப்பிட்டிருக்கிறார், ஆனால் போதுமான அளவு குறையவில்லை. அந்தச் சிறு மிச்சம் ஒரு நாள் விடாமல் சேர்ந்ததுதான் ஏழு கிலோ.

ஒரு வாரம் சாப்பிட்டதையெல்லாம் எழுதச் சொன்னேன். அவர் வீட்டம்மா சமையல் தராசில் நிறுத்தும் காட்டினார். மதியச் சாதம் 450 கிராம். டீ நாளுக்கு நாலு, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை. சாயங்காலம் டிவி முன்னால் மிக்சர், அது 40 கிராம் இருந்தது. இந்த மூன்றை மட்டும்தான் தொட்டோம். சாதத்தை 280 கிராமாக்கியதில் 220 கலோரி குறைந்தது. டீயை மூன்றாக்கி அரை ஸ்பூன் சர்க்கரை என்று வைத்ததில் சர்க்கரையில் மட்டும் 130. மிக்சரை நிறுத்தியதில் 200. ஆக 550. ஆனால் அதை அப்படியே வெட்டிவிடவில்லை. மிக்சருக்குப் பதில் ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலும், மதியம் ஒரு அவித்த முட்டையும் சேர்த்தோம், அது 200. நிகரமாகக் குறைந்தது நாளுக்கு 350 கலோரி. காலை நாலு இட்லி அப்படியே இருந்தது, அதை நான் தொடவே இல்லை.

காகிதக் கணக்கில் மாதம் ஒன்றே கால் கிலோவுக்கு மேல் குறைய வேண்டும். முதல் மாதம் ஒன்றரை குறைந்தது, அதில் கொஞ்சம் தண்ணீர். அப்புறம் வேகம் தணிந்து, ஏழு மாதத்தில் ஐந்து கிலோ இறங்கியது. அறுபதைத் தாண்டியவர்களுக்கு இந்த வேகமே போதும். மாதம் இரண்டு கிலோவுக்கு மேல் இறக்குவதை நான் விரும்புவதில்லை, காரணம் கீழே தசையைப் பற்றிய பதிலில் இருக்கிறது.

ஒரு நடைமுறைக் குறிப்பு. தட்டில் சாதத்தைக் குறைப்பதைவிட உலையில் போடும் அரிசியைக் குறையுங்கள். 100 கிராம் அரிசி வெந்தால் ஏறக்குறைய 280 கிராம் சாதம் ஆகும். பானையில் மிச்சம் இருந்தால் "வீணாப் போகுதே" என்று யாராவது ஒருவர் சாப்பிடுவார். பெரும்பாலும் அது வீட்டில் சும்மா இருப்பவராகத்தான் இருக்கும்.

"சாதத்தை நிறுத்திட்டு சப்பாத்திக்கு மாறிட்டேன். சிறுதானியமும் சேர்க்கறேன். ஆனா எடை அசையலை."

அரிசி, கோதுமை, கேழ்வரகு, கம்பு, வரகு எல்லாமே சமைப்பதற்கு முன் 100 கிராமில் 310-லிருந்து 360 கலோரிக்குள்தான் இருக்கின்றன. தானியத்தை மாற்றுவதால் மட்டும் கலோரி குறையாது. 30 கிராம் மாவில் செய்த ஒரு சப்பாத்தி 100 கலோரி, மேலே ஒரு ஸ்பூன் எண்ணெய் தடவினால் 145. நாலு சப்பாத்தியும் தேங்காய் அரைத்த குருமாவும் சாப்பிட்டவர், அளவாகச் சாதமும் ரசமும் சாப்பிட்டவரைவிடக் கூடுதலாகத்தான் சாப்பிட்டிருக்கிறார்.

சிறுதானியத்தில் நார்ச்சத்து அதிகம், மெல்ல நேரம் ஆகும், கொஞ்சத்திலேயே வயிறு நிறைந்த உணர்வு வரும். அந்த உதவிக்காகச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் வரகரிசிப் பொங்கலில் நெய்யும் முந்திரியும் மிதந்தால் அந்த உதவி அங்கேயே கரைந்துவிடும். பழைய சோறு பற்றியும் பலர் கேட்கிறார்கள். ஊற வைத்ததால் அதன் கலோரி போய்விடாது. காலையில் ஒரு சட்டி பழையது சாப்பிட்டு வயலுக்குப் போனவருக்கு அது சரியான சாப்பாடு. இப்போது அதே சோறு ஒரு கிண்ணம் போதும்.

"எங்க வீட்டுல எண்ணெயெல்லாம் ரொம்பக் கம்மிங்க. பேருக்குத்தான் ஊத்தறேன்."

இதை நான் கேட்காத நாளே இல்லை. பதிலுக்கு ஒன்றே ஒன்றுதான் கேட்பேன்: மாதம் எத்தனை பாக்கெட் வாங்குகிறீர்கள், வீட்டில் எத்தனை பேர்? அந்தத் தபால்காரர் வீட்டில் இரண்டு பேர், மாதம் மூன்று லிட்டர். ஆளுக்கு நாளுக்கு 50 மில்லி. ஐந்து மில்லி ஸ்பூனில் பத்து ஸ்பூன், ஸ்பூனுக்கு 45 கலோரி, ஆக 450. உட்கார்ந்த வாழ்க்கைக்கு ஆளுக்கு நாலைந்து ஸ்பூன் போதும். இரண்டு பேருக்கு மாதம் ஒன்றரை லிட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். நல்லெண்ணெய், செக்கு எண்ணெய், நெய் எல்லாம் இந்தக் கணக்குக்குள்தான். எந்த எண்ணெயாக இருந்தாலும் கலோரி ஒன்றே.

கையைக் கட்டுப்படுத்துவது கஷ்டம், அதனால் மாத ஆரம்பத்திலேயே ஒன்றரை லிட்டரை ஒரு தனி பாட்டிலில் ஊற்றி வையுங்கள். இருபதாம் தேதி பாட்டில் காலியானால் எங்கே போயிற்று என்று தானாகத் தெரியும். பெரும்பாலும் தோசைக்கல்லில்தான் போயிருக்கும்.

"தினமும் காலையில ஒரு மணி நேரம் வாக்கிங் போறேன். ஆனா எடை குறையவே இல்லையே?"

65, 70 கிலோ உள்ளவர் ஒரு கிலோமீட்டர் நடந்தால், சும்மா இருப்பதைவிடக் கூடுதலாகச் செலவாவது ஏறக்குறைய 35 கலோரி. ஒரு மணி நேரத்தில் நாலரை கிலோமீட்டர் நடந்தால் 160 சொச்சம். நடந்து முடித்து நண்பர்களோடு டீக்கடையில் ஒரு சர்க்கரை டீயும் இரண்டு வடையும் சாப்பிட்டால் 250 தாண்டிவிடும். அந்தக் கடையில் உட்கார்ந்து பேசுவதை விட வேண்டாம், அந்தப் பேச்சு இந்த வயதில் மருந்து. டீயைச் சர்க்கரை இல்லாமல் சொல்லிக்கொள்ளுங்கள், வடையை ஞாயிற்றுக்கிழமைக்கு வையுங்கள்.

இன்னொரு விஷயம். நீங்கள் வேலையில் இருந்தபோது ஒரு மணி நேரம் மட்டுமா நடமாடினீர்கள்? லண்டனில் ஜெரி மாரிஸ் என்ற மருத்துவர் 1953-ல் வெளியிட்ட ஆய்வில், இரட்டை மாடி பஸ்களில் உட்கார்ந்து ஓட்டிய டிரைவர்களைவிட, நாள் முழுக்கப் படியேறி இறங்கிய கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவாக இருந்தது. பிறகு அவர்களின் சீருடை அளவுகளையும் பார்த்தார்கள். டிரைவர்களின் பேன்ட் இடுப்பு பெரியதாக இருந்தது. நம் டவுன் பஸ் கண்டக்டர்களும் எட்டு மணி நேரம் நின்று, நெரிசலுக்குள் முன்னும் பின்னும் போய் வந்தவர்கள்தான். அதைக் காலை ஒரு மணி நேர நடை ஈடு செய்யாது, அதுவும் மீதி நாள் முழுக்க ஈஸி சேரில் கழிந்தால். அரை மணிக்கு ஒரு முறை எழுந்திருங்கள். காய்கறிக்கும் பாலுக்கும் தனித்தனியாகப் போங்கள். சைக்கிளைப் பேரனுக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

"வேலையில இருந்தப்ப உப்பு போட்ட மோர் சொம்பு சொம்பா குடிப்பேன், ஊறுகாயும் வேணும். இப்பவும் அப்படியே இருக்கலாமா?"

மோர் குடிக்கலாம், உப்பு வேண்டாம். வெயிலில் வேர்த்து வெளியேறிய உப்புக்கு அது ஈடாக இருந்தது. நிழலில் உட்கார்ந்திருப்பவருக்கு ஒரு நாளைக்கு மொத்தமே ஒரு டீஸ்பூன் உப்பு, அதாவது 5 கிராம், போதும். ஊறுகாயும் அப்பளமும் இன்னொரு கெடுதல் செய்கின்றன. அவை இருந்தால் இன்னொரு கரண்டிச் சாதம் தானாக இறங்கும்.

"சாப்பாட்டைக் குறைச்சா கை கால் தளர்ந்துடாதா? இந்த வயசுல அது வேணுமா?"

இந்தப் பயம் நியாயமானது. நான் மிகவும் கவனமாக இருப்பதும் இதில்தான். வெறுமனே எல்லாவற்றையும் பாதியாக்கினால் கொழுப்போடு தசையும் போகும். அறுபதுக்கு மேல் போன தசையைத் திரும்பக் கொண்டுவருவது சிரமம். அதனால்தான் தபால்காரருக்கு 550 குறைத்த இடத்தில் சுண்டலும் முட்டையும் சேர்த்தோம். குறைக்க வேண்டியவை சாதம், சர்க்கரை, எண்ணெய். புரதத்தைக் குறைக்கவே கூடாது, பல வீடுகளில் கூட்ட வேண்டியிருக்கிறது.

உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் ஒரு கிராம் புரதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 65 கிலோவுக்கு 65 கிராம். இட்லி, தோசை, சாதத்திலிருந்து சுமார் 25 கிராம் வந்துவிடும். சாம்பாரில் உண்மையாகவே பருப்பு இருந்தால், ஒரு ஆளுக்கு 30 கிராம் பருப்பில் 7 கிராம். ஒரு கிண்ணம் சுண்டலில் 6, ஒரு முட்டையில் 6, பால் தயிர் மோர் எல்லாம் சேர்ந்து 300 மில்லியில் 10. ஆக 54. மீன் சாப்பிடும் நாளில் 100 கிராம் மீனில் 20 கிராம் கிடைத்துவிடும். சைவமாக இருந்தால் இன்னொரு முறை பயறோ சோயாவோ சேர்க்க வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் இந்தக் கணக்கை எடுத்துக்கொள்ளாமல் தங்கள் டாக்டர் சொல்லும் அளவிலேயே இருக்க வேண்டும்.

சாப்பாடு மட்டும் தசையைக் காக்காது, அதற்கு வேலையும் தர வேண்டும். சுவரோடு ஒட்டிப் போட்ட ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, கையை ஊன்றாமல் எழுந்து, மெதுவாக மறுபடி உட்காருங்கள். பத்து முறை, கொஞ்சம் ஓய்வு, இன்னொரு பத்து. வாரத்தில் நாலைந்து நாள் செய்தால் போதும். எடை குறையும் காலத்தில் இந்தப் பத்து முறை போகப் போகக் கடினமானால் தசை போகிறது என்று அர்த்தம். அப்போது சாப்பாட்டைக் கொஞ்சம் கூட்டி என்னிடம் வரச் சொல்வேன்.

"எனக்கு எடை ரெண்டு கிலோதான் கூடியிருக்கு. ஆனா வயிறு மட்டும் முன்னால வந்துடுச்சு. இது பரவாயில்லையா?"

பரவாயில்லை என்று சொல்ல முடியவில்லை. வேலையை விட்டபின் கால் தசை கொஞ்சம் கரைந்து, வயிற்றில் கொழுப்பு சேர்ந்திருந்தால் தராசு இரண்டு கிலோ என்றுதான் காட்டும். உள்ளே மாறியது அதைவிட அதிகம். தராசோடு ஒரு தையல் டேப்பும் வைத்துக்கொள்ளுங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே, மூச்சை விட்டபின் வயிற்றை உள்ளே இழுக்காமல் அளக்க வேண்டும். நம்மவர்களுக்கு ஆண்கள் 90 சென்டிமீட்டர், பெண்கள் 80-க்குள் இருப்பது நல்லது. பேன்ட் சைஸை நம்ப வேண்டாம், பலர் அதைத் தொப்பைக்குக் கீழே இறக்கிப் போடுகிறார்கள்.

இப்படிப்பட்டவர்களுக்குச் சாப்பாட்டைக் குறைப்பதைவிட, முந்தைய பதிலில் சொன்ன புரதமும் நாற்காலிப் பயிற்சியும்தான் முதலில் வேண்டும்.

"நான் சுகர் மாத்திரை போடறேன். ராத்திரிச் சாப்பாட்டையே விட்டுட்டா சீக்கிரம் குறையுமே?"

தயவுசெய்து டாக்டரிடம் சொல்லாமல் இதைச் செய்யாதீர்கள். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளும் இன்சுலினும் நீங்கள் வழக்கமாகச் சாப்பிடும் அளவுக்குத் தகுந்தபடி கொடுக்கப்பட்டவை. மருந்தை அப்படியே போட்டுக்கொண்டு சாப்பாட்டை மட்டும் விட்டால் சர்க்கரை திடீரென்று இறங்கிவிடும், அதுவும் தூக்கத்தில். மெட்ஃபார்மின் மட்டும் போடுபவர்களுக்கு இந்த ஆபத்து குறைவு. ஆனால் பலருக்கு ஒரே மாத்திரையில் இரண்டு மருந்தும் சேர்ந்திருக்கும், அட்டையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வேர்த்துக்கொட்டுவது, கை நடுக்கம், படபடப்பு, பேச்சு குழறுவது இதன் அடையாளங்கள். சோதித்தால் 70-க்குக் கீழே இருக்கும். உடனே மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். மயங்கி விழுந்தவர் வாயில் எதையும் ஊற்றாமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். எடை குறையும்போது சுகருக்கும் பிரஷருக்கும் மருந்தின் அளவைக் குறைக்க வேண்டி வரலாம், அதனால் ஆரம்பிக்கும் முன்பே உங்கள் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். மருந்து எதுவும் போடாதவர்களுக்கும் ஒரு வேளையை விடுவது பெரும்பாலும் சரிப்படுவதில்லை. எட்டு மணிக்கு விட்ட இரண்டு தோசை, பத்து மணிக்குப் பிஸ்கட்டும் முறுக்குமாகத் திரும்பி வருகிறது.

"வேலையை விட்டதாலதான் ஏறுதா, இல்ல உள்ள ஏதாவது நோயான்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?"

சாப்பாட்டால் ஏறும் எடை மெதுவாக ஏறும், மாதம் அரை கிலோ என்ற வாக்கில். நாலைந்து நாளில் இரண்டு கிலோ ஏறினால் அது கொழுப்பு இல்லை, நீர். கணுக்காலில் விரலால் அழுத்தினால் குழி விழுகிறதா, படுத்தால் மூச்சு வாங்குகிறதா என்று பாருங்கள். அப்படி இருந்தால் இதயமோ சிறுநீரகமோ காரணமாக இருக்கலாம், அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும்.

எடையோடு கடும் சோர்வு, மலச்சிக்கல், தோல் வறட்சி, மற்றவர்களுக்கு வியர்க்கும்போது தனக்கு மட்டும் குளிர்வது ஆகியவை சேர்ந்தால் தைராய்டுக்கு ஒரு ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். மூட்டு வலிக்கோ ஆஸ்துமாவுக்கோ ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கும், இன்சுலினும் சில சுகர் மாத்திரைகளும் புதிதாக ஆரம்பித்தவர்களுக்கும் மருந்தாலேயே எடை கூடும். மருந்தைத் தாங்களாக நிறுத்தக் கூடாது.

"ரிட்டையர் ஆனது அவரு. நான் எப்பவும் போல வீட்டு வேலைதான் செய்யறேன். எனக்கும் ஏன் ஏறுது?"

அவர் வேலைக்குப் போன காலத்தில் மதியம் நீங்கள் என்ன சாப்பிட்டீர்கள் என்று நினைத்துப் பாருங்கள். காலையில் மிஞ்சிய இரண்டு இட்லி, அல்லது ரசம் சாதம். இப்போது அவர் வீட்டில் இருக்கிறார் என்று சாம்பார், பொரியல், அப்பளம், சாயங்காலம் ஒரு பலகாரம் எல்லாம் வந்துவிட்டது. அவரோடு உட்கார்ந்து நீங்களும் சாப்பிடுகிறீர்கள். உங்கள் தேவை அவரைவிடக் குறைவு, முதல் பதிலில் சொன்ன 1660-ஐப் பாருங்கள். ஆனால் தட்டு இரண்டும் ஒரே அளவில் இருக்கிறது.

அவரிடம் நான் தனியாகச் சொல்வது ஒன்று உண்டு. தண்ணீர், டீ, செய்தித்தாள் எல்லாம் நாற்காலிக்கே வர வேண்டும் என்று கேட்காதீர்கள். எழுந்து போய் எடுத்துக்கொள்ளுங்கள், டீயை நீங்களே போடுங்கள். சர்க்கரை எவ்வளவு விழுகிறது என்பதும் அப்போதுதான் கண்ணில் படும்.

"நாலு மாசம் நல்லா குறைஞ்சுது. அப்புறம் அப்படியே நின்னுடுச்சு. நான் ஒண்ணும் தப்புப் பண்ணலையே?"

தப்பு இல்லாமலும் நிற்கும். எடை குறைந்த உடம்புக்குத் தேவையும் குறைவு. ஆரம்பத்தில் 350 கலோரி வித்தியாசம் இருந்தது, ஐந்து கிலோ குறைந்தபின் அந்த இடைவெளி சுருங்கிவிடும். ஆனால் முதலில் மறுபடி ஒரு வாரம் நிறுத்து எழுதிப் பாருங்கள். 280 கிராம் என்று நினைத்த சாதம் 350 ஆகியிருப்பதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கண்ணளவு மெல்ல மெல்லப் பழைய அளவுக்கே போய்விடுகிறது.

அளவு சரியாகவே இருந்தால், இன்னும் குறைப்பது அவசியமா என்று யோசிக்க வேண்டும். தபால்காரருக்கு 68-ல் நின்றது. இடுப்பு 97-லிருந்து 91 சென்டிமீட்டருக்கு வந்திருந்தது, பிரஷர் சீராக இருந்தது, நாற்காலியிலிருந்து பதினைந்து முறை எழுந்தார். 66-க்கே போக வேண்டும் என்று அவருக்கு ஆசை. நான் வேண்டாம் என்றேன். இப்போது ஞாயிற்றுக்கிழமை காலை, வெறும் வயிற்றில், ஒரே தராசில் எடை பார்க்கிறார். 70-ஐத் தொட்டால் மறுநாளிலிருந்து சாதத்தை மறுபடி நிறுத்துப் போடுவது என்று அவரும் வீட்டம்மாவும் பேசி வைத்திருக்கிறார்கள். இதுவரை ஒரு முறை, பொங்கல் முடிந்த வாரத்தில், தராசை எடுக்க வேண்டி வந்தது.